ஒரு ஏக்கர் ரப்பரும் CF பொத்தானும்: சீரில்லாத வரவு செலவுக்கு என்பிவி, ஐஆர்ஆர் எடுப்பது எப்படி

வங்கிக் கடன் மாதிரி மாதாமாதம் ஒரே தவணை என்றால் ஃபைனான்ஷியல் கால்குலேட்டரில் N, I/Y, PV, PMT, FV என்ற ஐந்து பொத்தான்களே போதும். ஆனால் குலசேகரம், திருவட்டாறு, அருமனை பக்கம் ஒருவர் ஒரு ஏக்கரில் ரப்பர் வைக்கிறார் என்றால் அந்தக் கணக்கு இந்த ஐந்துக்குள் அடங்காது. முதல் வருடம் பெரிய செலவு, அடுத்த சில வருடங்கள் உரமும் களையெடுப்பும், ஏழாம் வருடம் வாக்கில்தான் பால் வெட்டு ஆரம்பம், பிறகு ஏறும், இறங்கும், கடைசியில் மரத்தை மொத்தமாக விற்றால் ஒரு பெரிய தொகை. ஆண்டுக்கு ஆண்டு தொகை மாறுகிறது. PMT பொத்தானோ எல்லாக் காலத்துக்கும் ஒரே தொகையைத்தான் ஏற்கும். அதனால்தான் CF என்று தனியாக ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள். அதில் போட்ட தொகைகளிலிருந்து இரண்டு விடை எடுக்கலாம்: போட்ட பணத்துக்கு வட்டி போக இன்றைய மதிப்பில் மிஞ்சுவது என்பிவி, அந்த மிச்சம் சுழியாகும் வட்டி ஐஆர்ஆர்.

இங்கே நான் எடுத்துக்கொள்வது டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் BA II Plus. வணிகவியல் படிக்கும் பிள்ளைகள் கையில் அதிகம் பார்ப்பது அதுதான். ரப்பர் கணக்கை அதில் ஒவ்வொரு பொத்தானாகப் போட்டுப் பார்ப்போம்.

முதலில் தாள், பிறகு கால்குலேட்டர்

கால்குலேட்டரைத் தொடுவதற்கு முன்னால் ஒரு தாளில் ஆண்டு வாரியாக நிகரத் தொகையை எழுதிவிடுங்கள். நிகரம் என்றால் அந்த வருடத்து வரவில் செலவைக் கழித்தது. ஷீட், ஒட்டுப்பால் விற்ற பணம் தனியாக, வெட்டுக்கூலி தனியாக, மழை மறைப்புச் செலவு தனியாக என்று பதிய இந்தப் பொறியில் இடமில்லை. ஒரு வருடத்துக்கு ஒரே எண்தான்.

கீழே உள்ள எண்கள் கணக்கைக் காட்டுவதற்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் தோட்டத்துக்கு உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள். எல்லாம் ஆயிரம் ரூபாயில். 100 என்றால் ஒரு லட்சம். இப்படி எழுதினால் பொத்தான் அழுத்துவதும் குறையும், சுழியைத் தவறவிடும் ஆபத்தும் குறையும்.

இன்று, அதாவது 0 ஆம் ஆண்டில், பழைய மரங்களின் வேரைப் பிடுங்கி, குழியெடுத்து, கன்று நட்டு, 100 செலவு. முதலாண்டு முடிவில் இன்னும் 30 செலவு. 2, 3 ஆம் ஆண்டுகளில் இடையில் போட்ட அன்னாசி கொடுத்த பணமும் தோட்டச் செலவும் சரிக்குச் சரி, ஆக நிகரம் 0. நிழல் மூடியபின் அன்னாசியும் இல்லை, அதனால் 4, 5, 6 ஆம் ஆண்டுகளில் ஆண்டுக்கு 15 செலவு. ஏழாம் ஆண்டு வெட்டு தொடங்கி 20 வரவு. 8, 9 இல் ஆண்டுக்கு 40. 10 முதல் 19 வரை பத்து ஆண்டுகள் 60. 20 முதல் 24 வரை ஐந்து ஆண்டுகள் மீண்டும் 40. 25 ஆம் ஆண்டு கடைசி வெட்டும் மரம் விற்ற பணமும் சேர்ந்து 250.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தன் தோட்டத்தைத் தானே வெட்டுபவர்கள் கூலியைச் செலவில் சேர்ப்பதில்லை. சேர்த்துத்தான் எழுத வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் உழைப்பின் கூலியெல்லாம் ரப்பரின் லாபமாகத் தெரியும். நிலமும் அப்படியே. சொந்த நிலம்தானே என்று விட்டால், அதைக் குத்தகைக்கு விட்டால் கிடைத்திருக்கும் பணம் கணக்குக்கு வெளியே போய்விடும். எளிமைக்காக இங்கே நான் நிலத்தை விட்டுவிட்டேன்.

பொறி எதை எந்தப் பெயரில் கேட்கிறது

CF பொத்தானை அழுத்தினால் திரையில் `CFo` என்று வரும். அது இன்றைய தொகை. கீழ் அம்புக்குறியை அழுத்தினால் `C01`, மறுபடி அழுத்தினால் `F01`. C என்பது தொகை. F என்பது அந்தத் தொகை அடுத்தடுத்து எத்தனை முறை வருகிறது என்பது. அதாவது 60 என்று பத்து முறை தட்ட வேண்டியதில்லை, C இல் 60 போட்டு F இல் 10 போட்டால் போதும். `CFo` வுக்கு மட்டும் F கிடையாது, ஏனென்றால் இன்று ஒரு முறைதான் வரும்.

இந்த மாடலில் C01 முதல் C24 வரை இடம் இருக்கிறது. 25 ஆண்டுகளையும் தனித்தனியாகப் போட்டிருந்தால் இடமே பற்றியிருக்காது. F ஐப் பயன்படுத்துவதால் நமக்கு எட்டு இடங்களே போதும்.

ஒரு சின்னக் கண்ணி இங்கே இருக்கிறது. 8, 9 ஆம் ஆண்டுகளிலும் 40, 20 முதல் 24 வரையிலும் 40. "எல்லாம் 40 தானே, மொத்தம் ஏழு முறை" என்று C இல் 40, F இல் 7 என்று போட்டுவிடத் தோன்றும். கூடாது. F சொல்வது தொடர்ந்து வரும் ஆண்டுகளை மட்டும். நடுவில் வேறு தொகை வந்துவிட்டால் அடுத்த 40 க்குப் புது C வேண்டும்.

தட்டுவது

முதல் வேலை பழையதை அழிப்பது. கால்குலேட்டரை அணைத்துப் போட்டாலும் முன்பு போட்ட தொகைகள் அப்படியே உள்ளே இருக்கும். CE/C பொத்தானைத் தனியாக அழுத்தினால் திரையில் உள்ள எண்தான் போகும். CF அழுத்தி உள்ளே போய், அப்புறம் 2nd, அதன்பின் CE/C (மேலே CLR WORK என்று எழுதியிருக்கும்) அழுத்த வேண்டும். இந்த வரிசை முக்கியம்: NPV திரையில் நின்றுகொண்டு CLR WORK அழுத்தினால் அந்தத் திரையில் உள்ளதுதான் அழியும், தொகைப் பட்டியல் அழியாது.

```
CF   2nd  CLR WORK
100 +/-  ENTER  ↓     (CFo)
30 +/-   ENTER  ↓ ↓   (C01, F01 = 1)
0        ENTER  ↓     (C02)
2        ENTER  ↓     (F02)
15 +/-   ENTER  ↓     (C03)
3        ENTER  ↓     (F03)
20       ENTER  ↓ ↓   (C04, F04 = 1)
40       ENTER  ↓     (C05)
2        ENTER  ↓     (F05)
60       ENTER  ↓     (C06)
10       ENTER  ↓     (F06)
40       ENTER  ↓     (C07)
5        ENTER  ↓     (F07)
250      ENTER  ↓     (C08, F08 = 1)
```

செலவுக்கு எண்ணைத் தட்டியபின் `+/-` பொத்தான். கழித்தல் குறியை முதலில் தட்டிவிட்டு எண்ணைத் தட்டுவது புதியவர்கள் பலர் செய்வது. அது கழித்தல் கணக்கு, எதிர்க்குறி அல்ல. C ஐ ENTER செய்தவுடன் அதன் F தானாகவே 1 ஆகிவிடும், அதனால் ஒரே முறை வரும் தொகைக்கு F இல் எதுவும் தட்டாமல் அம்புக்குறியால் தாண்டிவிடலாம்.

ENTER இல்லாமல் அம்புக்குறியை அழுத்தினால் தட்டிய எண் பதிவாகாது. திரையில் எண் தெரிகிறதே என்ற நம்பிக்கையில் அடுத்ததற்குப் போய்விடுவார்கள். பதிவானதற்கு அடையாளம், `C01=` என்று பெயருக்குப் பக்கத்தில் சமக்குறி வருவது. அதைப் பார்த்தபின் நகருங்கள்.

விடைக்குப் போகும் முன் இரண்டு சோதனை

முதல் சோதனை ஆண்டுகளின் எண்ணிக்கை. CF அழுத்தி மேலிருந்து கீழ் அம்புக்குறியால் நடந்து, F எண்களை மட்டும் கூட்டுங்கள்: 1, 2, 3, 1, 2, 10, 5, 1. மொத்தம் 25. நம் திட்டம் 25 ஆண்டு, சரி.

இரண்டாவது, தொகைகளின் கூட்டு. NPV அழுத்தி `I` கேட்கும்போது 0 போட்டு ENTER, கீழ் அம்புக்குறி, CPT. வட்டி சுழி என்றால் இன்றைய பணமும் 25 வருடம் கழித்து வரும் பணமும் ஒன்றுதான், ஆக வருவது வெறும் கூட்டல். நம் கணக்கில் 975 வர வேண்டும்: செலவு 175, வரவு 1150. தாளில் உள்ள கூட்டலோடு இது ஒத்துப்போகாவிட்டால் எங்கோ ஒரு தொகையோ குறியோ தப்பு.

இந்த இரண்டில் ஒன்றை மட்டும் செய்தால் போதாது. அதற்கு உதாரணம் C02 இல் இருக்கும் சுழி. "ஒன்றுமில்லாத வருடத்தை எதற்குப் போட வேண்டும்" என்று பலர் அதைத் தாண்டி, 30 க்குப் பிறகு நேராக 15 ஐத் தட்டிவிடுவார்கள். கூட்டல் சோதனையில் இது பிடிபடாது, சுழியைக் கூட்டினாலும் விட்டாலும் 975 தான். ஆனால் அதன்பின் வரும் எல்லாத் தொகையும் இரண்டு வருடம் முன்னால் நகர்ந்துவிடும். 9 சதவீத வட்டியில் சரியான விடை 129.13; சுழியை விட்டவருக்கு வருவது 177.41. ஏக்கருக்கு 48 ஆயிரம் ரூபாய் இல்லாத லாபம். F களைக் கூட்டியிருந்தால் 25 க்குப் பதில் 23 வந்து காட்டிக்கொடுத்திருக்கும்.

அப்படி விட்டிருந்தால் எல்லாவற்றையும் அழித்து மறுபடி தட்ட வேண்டாம். `C02` திரைக்குப் போங்கள், அங்கே −15 இருக்கும். 2nd, அதன்பின் INS அழுத்துங்கள். அந்த −15 ஒரு இடம் கீழே நகர்ந்து, காலியான C02 வரும். 0 ENTER, கீழ் அம்புக்குறி, 2 ENTER. முடிந்தது. அதிகமாகப் போட்ட ஒன்றை எடுக்க அந்தத் திரையில் நின்று 2nd, DEL.

என்பிவியும் ஐஆர்ஆரும்

```
NPV   9  ENTER  ↓  CPT      129.13
IRR   CPT                    14.09
```

வட்டியை 9 என்றுதான் தட்ட வேண்டும், 0.09 என்று அல்ல. 0.09 போட்டால் விடை 975 க்கு மிகப் பக்கத்தில் வரும். அதைப் பார்த்தவுடன் காரணம் புரிந்துவிடும். I/Y பொத்தானில் வேறு ஏதாவது வட்டி போட்டிருந்தாலும் இங்கே அது எடுபடாது, NPV திரையில் கேட்கும் `I` தான் கணக்கு. அது ஒரு காலகட்டத்துக்கான வட்டி. நாம் ஆண்டு வாரியாகப் போட்டதால் ஆண்டு வட்டி. மாத வாரியாகத் தொகை போட்டவர் மாத வட்டியைப் போட வேண்டும், அவருக்கு வரும் ஐஆர்ஆரும் மாதத்துக்கானதுதான்.

129.13 என்பது ஆயிரத்தில், அதாவது ஏறக்குறைய 1,29,000 ரூபாய். போட்ட பணத்துக்கெல்லாம் ஆண்டுக்கு 9 சதவீதம் கிடைத்தபின்னும் இன்றைய மதிப்பில் இவ்வளவு மிஞ்சுகிறது என்று பொருள். ஐஆர்ஆர் 14.09 என்பது, எந்த வட்டியில் அந்த மிச்சம் சுழியாகிறதோ அந்த வட்டி. நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள்: NPV திரையில் `I` க்கு 14.09 போட்டு ENTER, கீழ் அம்புக்குறி, CPT அழுத்தினால் 0.07 வரும். ஐஆர்ஆரை இரண்டு தசமத்தோடு நிறுத்தியதால்தான் அந்த 0.07; மற்றபடி சுழிதான்.

9 சதவீதம் எங்கிருந்து வந்தது? கடன் வாங்கி நடுபவருக்கு அது கடன் வட்டி. கைப்பணம் போடுபவருக்கு அதே பணம் வேறு இடத்தில் தந்திருக்கும் வட்டி. ஒரு எச்சரிக்கை மட்டும். எல்லா ஆண்டுகளுக்கும் இன்றைய ஷீட் விலையையும் இன்றைய கூலியையும் வைத்து எழுதியிருந்தால், விலைவாசி ஏற்றம் உங்கள் தாளில் இல்லை. வங்கி சொல்லும் வட்டியிலோ அது இருக்கிறது. அந்த இரண்டையும் சேர்த்தால் திட்டம் உண்மையில் இருப்பதைவிட மோசமாகத் தெரியும். விலைவாசியைக் கழித்த வட்டியைப் போடுங்கள், அல்லது தாளில் உள்ள எண்களை ஆண்டுக்கு ஆண்டு ஏற்றி எழுதுங்கள்.

Error வந்தால்

IRR அழுத்தி `Error 5` வந்தால், பட்டியலில் எல்லாத் தொகையும் ஒரே குறியில் இருக்கிறது. எதிர்க்குறிகளை எல்லாம் மறந்திருப்பீர்கள். CE/C அழுத்தி வெளியே வந்து, CF உள்ளே போய்த் திருத்துங்கள். `CFo` வின் குறியை மட்டும் மறந்தால் பொறி கத்தாமலும் போகலாம். ஆனால் என்பிவி 129.13 க்குப் பதில் 329.13 என்று வந்து நிற்கும். நட்ட செலவின் இரு மடங்கு கூடியிருக்கிறது என்றால் குறியைப் பாருங்கள்.

`Error 7` வேறு விஷயம். தொகைகளின் குறி பலமுறை மாறும்போது, பொறி தேடித் தேடி விடைக்கு வராமல் கைவிடுகிறது. நம் பட்டியலில் செலவு, செலவு, பிறகு வரவு என்று குறி ஒரே முறைதான் மாறுகிறது, அதனால் ஐஆர்ஆர் ஒன்றுதான். ஆனால் அன்னாசி நன்றாக விளைந்து 2, 3 ஆம் ஆண்டுகளில் 10, 10 என்று வரவு வந்தது என்று வையுங்கள். குறி மூன்று முறை மாறும். அப்போது ஒன்றுக்கு மேற்பட்ட ஐஆர்ஆர் இருக்க வாய்ப்பு உண்டு, பொறியோ ஒன்றைக் காட்டிவிட்டுப் பேசாமல் இருக்கும். இதற்கு ஒரு எளிய சோதனை உண்டு. தாளில் தொகைகளை முதலிலிருந்து கூட்டிக்கொண்டே வாருங்கள்: −100, −130, −120, −110, −125 என்று. இந்தக் கூட்டுத்தொகை எதிர்க்குறியில் தொடங்கி, ஒரே முறை நேர்க்குறிக்கு மாறி, கடைசிவரை அப்படியே இருந்தால், சுழிக்கு மேல் ஐஆர்ஆர் ஒன்றுதான். நிம்மதியாக எடுத்துக்கொள்ளலாம். பலமுறை மாறினால் ஐஆர்ஆரை விட்டுவிட்டு என்பிவியை மட்டும் வைத்து முடிவெடுங்கள்.

கையில் HP 12C இருப்பவர்களுக்கு வேலை இதேதான், பொத்தான்தான் வேறு. இன்றைய தொகைக்கு `g CFo`, அடுத்தடுத்த தொகைக்கு `g CFj`, எத்தனை முறை என்பதற்கு `g Nj`. குறி மாற்ற `CHS`. வட்டியை `i` இல் வைத்து `f NPV`, அப்புறம் `f IRR`. தொகைகளுக்கு 20 இடம்தான், நமக்கு அது தாராளம்.

ஒரு எண்ணை மட்டும் மாற்றிப் பார்ப்பது

இந்தப் பட்டியலின் உண்மையான பயன் இங்கேதான். எல்லாம் உள்ளே இருப்பதால் ஒன்றை மாற்றி மறுபடி CPT அழுத்தினால் போதும்.

ரப்பர் வைப்பவர்களிடம் பேசினால், கடைசியில் மரம் என்ன விலைக்குப் போகும் என்பதுதான் பெரிய கவலையாக இருக்கும். சரி, மிக மோசமாக நினைப்போம். `C08` க்குப் போய் 250 ஐ 0 ஆக்குங்கள், 25 ஆம் ஆண்டு ஒரு பைசாவும் வரவில்லை. NPV அழுத்தி, சோதனைக்குப் போட்ட 14.09 க்குப் பதில் மறுபடி 9 ENTER, கீழ் அம்புக்குறி, CPT: 100.14. குறைந்தது 29 ஆயிரம் மட்டுமே. இரண்டரை லட்சம் என்றாலும் 25 வருடம் தள்ளி வரும் பணத்துக்கு 9 சதவீதத்தில் இன்றைய மதிப்பு அவ்வளவுதான்.

இப்போது `C08` ஐ மறுபடி 250 ஆக்கிவிட்டு, `F03` க்குப் போய் 3 ஐ 4 ஆக்குங்கள். அதாவது செலவு மட்டும் இருக்கும் வருடம் ஒன்று கூடுகிறது, வெட்டு ஒரு வருடம் தள்ளிப்போகிறது. மற்ற எல்லாத் தொகையும் அப்படியே, ஒரு வருடம் பிந்தி. என்பிவி 97.32. ஏறக்குறைய 32 ஆயிரம் போய்விட்டது.

மரம் விற்ற பணம் மொத்தமாகப் போவதைவிட, வெட்டு ஒரே ஒரு வருடம் பிந்துவது அதிக நட்டம். தோப்பில் 70 சதவீத மரங்களாவது, ஒட்டுப் பகுதியிலிருந்து 125 சென்டிமீட்டர் உயரத்தில் 50 சென்டிமீட்டர் சுற்றளவு வந்தபின்தான் வெட்டு தொடங்க வேண்டும் என்பது வழக்கமான அளவுகோல். முதல் மூன்று நான்கு வருடங்களில் உரத்திலும் களையெடுப்பிலும் ஆயிரம், இரண்டாயிரம் மிச்சம் பிடித்து அந்தச் சுற்றளவு ஒரு வருடம் பிந்தினால் என்ன ஆகும் என்பதை `F03` இப்படிச் சொல்லிவிடுகிறது. உங்கள் எண்களைப் போட்டு, `C01`, `C03` இல் உள்ள செலவை இரண்டிரண்டாயிரம் கூட்டி ஒரு முறை, `F03` ஐ ஒன்று கூட்டி ஒரு முறை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் பார்த்து முடித்ததும் எண்ணைப் பழையபடி மாற்றிவிட்டு, 129.13 மறுபடி வருகிறதா என்று பார்த்தபின் அடுத்ததற்குப் போங்கள். இல்லாவிட்டால் முந்தைய மாற்றமும் அடுத்த விடையில் கலந்துவிடும்.